பதினான்காவது கேள்வி

அந்த உணவகத்து முதலாளியம்மா ஏற்கெனவே ஒரு தடவை சமையலறையைப் புதுப்பித்துக் கையைச் சுட்டுக்கொண்டவர். அப்போது டெண்டர் ஆவணம் அந்த நாட்டு அலுவல் மொழியில்தான் இருந்தது. வேலை எடுத்தவர் நல்ல தமிழ்க்காரர், நல்ல வேலைத்திறன் உள்ளவரும்கூட. ஆனால் முப்பது நாள் என்று போட்டிருந்ததை அவர் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து எண்ணினார். வேலை முடிவது என்றால் ஓடு பதித்துக் கழுவிவிடுவது என்று நினைத்தார். தீயணைப்புக்காரரும் சுகாதாரப் பரிசோதகரும் வந்து கையெழுத்துப் போட்டால்தான் முடிந்ததாகக் கணக்கு என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தாமத அபராதம் என்ற பேச்சு வந்தபோது மனிதர் நடு அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அழுகிறவரிடம் அபராதம் வாங்க முதலாளியம்மாவுக்கு மனசு வரவில்லை. அதே சமயம் கடை இருபத்தொரு நாள் கூடுதலாக மூடிக் கிடந்ததையும் அவரால் மறக்க முடியவில்லை.

அதனால் இந்தத் தடவை ஆவணத்தைத் தமிழிலும் போடுவது என்று முடிவு செய்தார். வேலை கேட்டு வரப்போகிற நான்கு ஒப்பந்தக்காரர்களில் மூன்று பேருக்குத் தமிழ்தான் வசதி. எது வேலை, எது வேலை இல்லை, எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன என்ற நான்கும் படிக்கிறவருக்குச் சந்தேகமில்லாமல் விளங்க வேண்டும் என்றார். அந்தப் பொறுப்பு அகராதியிடம் வந்தது.

அகராதி என்பது அவள் தம்பி வைத்த பெயர். அவள் பன்னிரண்டு வருடமாகப் பத்திரங்களும் ஒப்பந்தங்களும் மொழிபெயர்க்கிறவள். சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் அர்த்தம் கேட்டுக் குடைவாள். அகராதி பிடித்தவள் என்று தம்பி கூப்பிட ஆரம்பித்து, பிறகு வீடு, அண்டை அயல், கடைசியில் அவளிடம் வேலை கொடுக்கிறவர்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கும் அதில் ஒரு பெருமைதான்.

அந்தத் தம்பிதான் நான்கு ஒப்பந்தக்காரர்களில் ஒருவன்.

இதை அவள் மறைக்கவில்லை. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவர் யோசித்துப் பார்த்து, ஆவணம் நான்கு பேருக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி போகப்போகிறது, நீ ரகசியம் காக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றார். அவள் போட்டுக் கொடுத்தாள். தம்பியிடமும் அன்றே சொன்னாள், இந்த ஒரு விஷயத்தில் நம் இருவருக்கும் நடுவில் பேச்சே கிடையாது என்று. அவன் சிரித்தான். “சரிங்க மேடம்” என்றான். அவனுக்கு ஏழு மாதமாகப் பெரிய வேலை எதுவும் கிடைத்திருக்கவில்லை. அவனை நம்பி ஆறு ஆட்கள் இருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும்.

அறுபத்து மூன்று பக்கம். அவள் முதல் இரண்டு நாள் ஒரு வரிகூட மொழிபெயர்க்கவில்லை. ஒரு தாளில் சொற்களை எழுதி வைத்துக்கொண்டாள். கட்டாயம் என்கிற இடமெல்லாம் ‘வேண்டும்’, விருப்பம் என்கிற இடமெல்லாம் ‘லாம்’. இரண்டையும் எங்கேயும் கலக்கக் கூடாது. நாள் என்றால் விடுமுறையும் சேர்ந்த நாள்காட்டி நாள். இந்தத் தடவை வேலைக்குக் கொடுத்திருந்த கெடுவை நாற்பத்தைந்து நாள் என்று மட்டும் விடாமல், வேலை நடக்கும் இடத்தை ஒப்படைக்கிற நாளுக்கு மறுநாள்தான் முதல் நாள் என்று மூலத்தில் வேறொரு பக்கத்தில் இருந்ததை அங்கேயே பக்க எண்ணோடு சுட்டினாள். ‘வேலை நிறைவு’ என்பதற்கு ஆவணத்தின் முன்பகுதியில் ஒரு விளக்கம் இருந்தது: இரண்டு பரிசோதகர்களின் சான்றும் வந்து, சாவி கைமாறிய நாள். அதற்குப் பிறகு அந்தச் சொல் வந்த முப்பத்தொரு இடத்திலும் அதே சொல்லைத்தான் வைத்தாள். ஓரிடத்தில் முடிவு, ஓரிடத்தில் பூர்த்தி என்று அழகுக்காக மாற்றினால், படிக்கிறவர் இரண்டும் வேறு வேறு என்று நினைத்துவிடுவார். அபராதம், பிந்துகிற ஒவ்வொரு நாளுக்கும் ஒப்பந்தத் தொகையில் அரை சதவீதம். மொத்தம் பத்து சதவீதத்தைத் தாண்டாது.

எல்லாவற்றையும்விட ஒரு பத்தியில் அதிக நேரம் செலவழித்தாள். இரண்டு புள்ளி ஆறு என்று எண் போட்ட பத்தி. வேலை கேட்கிறவர் ஆவணத்தில் ஏதாவது விடுபட்டிருப்பதையோ முரண்படுவதையோ விலை கொடுப்பதற்கு முன் கண்டால், கேள்விக்கான கடைசித் தேதிக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். கண்டும் கேட்காமல் விட்டால் அந்த வேலையின் விலையும் நாளும் அவருடைய தொகைக்குள் அடங்கியதாகவே கொள்ளப்படும். மூலத்தில் அது ஒரே வாக்கியமாக ஏழு வரிக்கு ஓடியது. அவள் அதை மூன்றாக உடைத்தாள். தம்பியைப் போன்ற ஆட்கள் ஒரு மூச்சில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்துத்தான் உடைத்தாள்.

மொழிபெயர்க்கும்போதுதான் ஒரு ஆவணத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியும். படிக்கிறவர் தாண்டிப் போய்விடலாம். மொழிபெயர்க்கிறவர் ஒவ்வொரு சொல்லின் மேலும் காலை ஊன்றித்தான் நடக்க வேண்டும். அவளுக்கு இருபத்திரண்டு சந்தேகங்கள் வந்தன. அவற்றைக் கேள்வித்தாளாக எழுதி, சமையலறையை வடிவமைத்த டிசைனருக்கு அனுப்பிப் பதில் வாங்க வேண்டும். அதுதான் முறை. தன் இஷ்டத்துக்கு ஊகித்து எழுதக் கூடாது.

அதில் பதினான்காவது கேள்வி அடுப்புக்கு மேலே இருக்கிற புகைபோக்கியைப் பற்றியது. புகையை உறிஞ்சுகிற பழைய ஹூடையும், அந்தப் புகையைக் கூரை வரை கொண்டுபோகிற பழைய டக்ட் குழாயையும் கழற்றி அகற்ற வேண்டும் என்று ஒரு பத்தி சொன்னது. புது ஹூட் மாட்டி டக்டோடு இணைக்க வேண்டும் என்று அடுத்த பத்தி சொன்னது. அளவுப் பட்டியலைப் பார்த்தால் சீலிங் வரைக்கும்தான் புது டக்ட். அதற்கு மேலே, சீலிங்கிலிருந்து மொட்டைமாடிக்குப் போகிற இரண்டு மாடி உயரத்துக்கு, பழையது இருக்காது, புதியதும் கிடையாது. வரைபடத்திலும் கோடு சீலிங்கோடு நின்றுவிட்டது. புகை எங்கே போகும்? அவள் முதலில் பேனாவால் தமிழில் எழுதினாள்: சீலிங்குக்கு மேல் கூரை வரை உள்ள பகுதி யாருடைய பொறுப்பு என்று ஆவணத்தில் எங்கும் தெரியவில்லை, வரைபடம் எண் இத்தனையைப் பார்க்கவும்.

அன்று மதியம் தம்பி சாப்பிட வந்திருந்தான். பாத்திரம் கழுவும் குழாய் இரண்டு வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. தட்டைக் கழுவப் போனவன் அதைப் பார்த்துவிட்டு, “ஊருக்கெல்லாம் அடுப்படி கட்டுறவனோட அக்கா வீட்டுக் குழாயைப் பாரு, மானம் போகுது” என்றான். சட்டைக் கையை மடித்துவிட்டுக் குழாயைக் கழற்றினான். வாஷர் தேய்ந்து போயிருக்கிறது, முனைக்கடையில் ஒன்று வாங்கி வா அக்கா என்று அனுப்பினான். அவளும் போய் வாங்கி வந்தாள். கடையில் கூட்டம், கால் மணி நேரம் ஆயிற்று. குழாய் சரியானது. அவன் போனான்.

அவன் போன பிறகு அவள் கேள்வித்தாளை வரைபடங்களோடு மறுபடி ஒத்துப் பார்த்தாள். பதினான்கில் ஒரு தவறு. பெரிய தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று விரிந்து கிடந்ததில் அடியில் இருந்த தாளின் மூலையைப் பார்த்து வரைபடம் பதினேழு என்று எழுதியிருந்தாள். பதினேழு என்பது பணியாளர் உடை மாற்றும் அறை. புகைபோக்கி இருப்பது பதினொன்றில். சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, எல்லாவற்றையும் டிசைனர் மொழிக்கு மாற்றி, சாயங்காலம் அனுப்பி வைத்தாள்.

இருபத்தொரு கேள்விக்கு ஒழுங்கான பதில் வந்தது. பதினான்குக்கு மட்டும், ‘வரைபடம் பதினொன்றைப் பார்க்கவும்’ என்று இருந்தது. வரைபடத்தைப் பார்த்துத்தானே கேட்டோம் என்று அவள் போன் போட்டாள். டிசைனர் பொறுமை இல்லாத மனிதர். இதெல்லாம் தொழில் தெரிந்த எவனும் இடத்தைப் பார்வையிட வருகிற தள ஆய்வில் கேட்பான், கேட்டால் எல்லாருக்கும் திருத்தத் தாள் அனுப்பிவிடுவேன், நீங்கள் மொழியை மட்டும் பாருங்கள் என்றார். அவள் போனை வைத்தாள். முதலாளியம்மாவிடம் சொல்லியிருக்கலாம். மொழியை மட்டும் பாருங்கள் என்ற சொல் சுருக்கென்று தைத்திருந்தது, பேசாமல் இருந்துவிட்டாள். அவள் பக்கத்துத் தப்பு அது ஒன்றுதான். அதை அவளே பிறகு நூறு தடவை சொல்லிக்கொண்டாள்.

தள ஆய்வு அன்று நான்கு ஒப்பந்தக்காரர்களும் வந்தார்கள். சமையலறை மூடுகிற நேரம். அடுப்புகளின் சூடு இன்னும் இருந்தது. டிசைனர் பேசப் பேச அவள் தமிழில் சொன்னாள், அவர்கள் கேட்டதை அவருக்குச் சொன்னாள். வழுக்காத ஓடு எந்தத் தரம், எண்ணெய்க் கழிவுத் தொட்டியை யார் காலி செய்து கொடுப்பது, சாமான் ஏற்றும் வண்டி எத்தனை மணிக்கு வரலாம் என்றெல்லாம் கேட்டார்கள். புகைபோக்கிக்குக் கீழே வந்து நின்றபோது மூன்று பேர் அண்ணாந்து பார்த்தார்கள். தம்பி மட்டும் பார்க்கவில்லை. அவன் தரையில் இருந்த வடிகால் மூடியைக் காலால் தட்டிக்கொண்டிருந்தான். யாராவது கேட்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். தம்பி கேட்பான் என்றே நினைத்தாள். புகைபோக்கி வேலையில் அவன் கெட்டிக்காரன். யாரும் கேட்கவில்லை. கேள்விக்கான கடைசித் தேதியும் போயிற்று.

விலைகளைப் பிரித்தபோது தம்பியின் விலைதான் குறைவு. அடுத்தவரைவிடக் கொஞ்சம்தான் குறைவு, சந்தேகப்படுகிற அளவுக்கு இல்லை. வேலை அவனுக்குப் போயிற்று. அன்று அவன் இனிப்போடு வந்து அக்கா காலில் விழாத குறை. அவள் கணவர் பேருந்து ஓட்டுகிறவர், சிரிப்பும் கிண்டலுமாக இருக்கிறவர், “மச்சான், இனிமே எங்க வீட்டுக் குழாய்க்கு டெண்டர் விடணுமா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் உழைப்பு எதுவும் அதில் இல்லை, அவனே ஜெயித்தான் என்பதுதான் அவளுக்குச் சந்தோஷம்.

இடத்தை ஒப்படைத்துப் பதினெட்டாவது நாள் முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டார். கடை முகப்பில் நாற்காலிகள் மேசைகளின் மேல் கவிழ்த்து வைத்திருந்தன. உள்ளே ஓடு உடைக்கிற சத்தம். அவர் ஒரு கடிதத்தை நீட்டினார். ஒப்பந்தக்காரர் தமிழில் கொடுத்தது, டிசைனருக்கு மொழிபெயர்த்துத் தர வேண்டும். முகம் வெளுத்திருந்தது. மாதம் பிறந்தால் பக்கத்துத் தொழிற்சாலைக்கு முந்நூறு பேர் சாப்பாடு அனுப்ப அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அந்தத் தேதியை நம்பித்தான் கடையையே மூடியிருந்தார். அது தவறினால் அந்த வேலை வேறு கடைக்குப் போய்விடும்.

“கூடுதல் வேலையாம், கூடுதல் இருபது நாளாம். நான் எதைம்மா கவனிக்காம விட்டேன்?” என்று கேட்டார். அவளிடம் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அவள் அங்கேயே ஒரு மேசையில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்தாள். பழைய டக்டைக் கழற்றிய பிறகே இந்தக் குறை எங்கள் கவனத்துக்கு வந்தது என்று ஆரம்பித்தது. சீலிங்குக்கு மேல் கூரை வரை உள்ள பகுதி ஒப்பந்தத்தில் இல்லை; எனவே அதற்குத் தனி விலை, தனிக் கால நீட்டிப்பு; அந்த இருபது நாளுக்கு அபராதம் பொருந்தாது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த ஓட்டை நிஜமான ஓட்டை. யாருக்கும் அது தெரிந்திருக்கலாம்.

அதற்கு அடுத்த வரி: யாருடைய பொறுப்பு என்று ஆவணத்தில் எங்கும் தெரியவில்லை, வரைபடம் எண் பதினேழைப் பார்க்கவும்.

அவள் அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். பதினேழு பணியாளர் உடை மாற்றும் அறை. இந்த உலகத்தில் புகைபோக்கியைப் பதினேழாம் வரைபடத்தில் தேடச் சொன்ன ஆள் அவள் ஒருத்திதான். அதுவும் ஒரே ஒரு மதியம், ஒரே ஒரு தாளில். சாயங்காலம் அந்தப் பதினேழு அடிபட்டுவிட்டது. டிசைனருக்குக்கூட அது போகவில்லை.

குழாய். வாஷர். கால் மணி நேரம்.

நாளைக்குத் தருகிறேன் அம்மா என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள். தம்பியின் ஆட்கள் இரண்டு பேர் சுவர் ஓரம் சிமெண்ட் கலந்துகொண்டிருந்தார்கள். அவன் வெளியே பின்வாசலில் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். தட்டுத் தட்டாக டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் அவன் கையால் எழுதிய சீட்டு: ஆணி, திருகு, கிளாம்ப். மூன்றாவது தட்டில் ஒரு டப்பா நிறைய வாஷர், எல்லா அளவிலும். எப்போதும் அங்கேதான் இருக்கும். அவளுக்கே தெரியும், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அன்றைக்கு ஏனோ நினைவுக்கு வரவில்லை.

“அகராதி வந்துட்டா. என்ன, இங்கேயும் எழுத்துப்பிழை பாக்கப் போறியா?” என்றான் அவன் சிரித்துக்கொண்டே.

“அன்னைக்கு என் மேஜையில இருந்த தாளைப் படிச்சியா?”

அவன் கை டப்பாவின் மேல் நின்றது. எந்தத் தாள் என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“படிக்கல. போட்டோ எடுத்தேன்” என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேச ஆரம்பித்தான். அது அவர்கள் விட்ட ஓட்டை, நான் தோண்டவில்லை. நீ ஒழுங்காகக் கேட்டாய், அந்த ஆள் பதில் சொல்லவில்லை, அதற்கு நான் என்ன செய்வது. டக்டையும் சேர்த்து விலை போட்டிருந்தால் நான் மூன்றாவது ஆளாகப் போயிருப்பேன். ஆறு பேர் வீட்டில் உலை வைக்க வேண்டும். இதெல்லாம் தொழிலில் எல்லாரும் செய்வது.

“தள ஆய்வுல நீ மேலேயே பாக்கல” என்றாள் அவள்.

“பாத்தா நீ என் மூஞ்சியைப் படிச்சிருப்ப.”

அவள் அந்த வாஷர் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டான் போலிருக்கிறது; தோளில் கை வைத்தான். “நீ ஒண்ணும் செய்ய வேணாம் அக்கா. கடிதத்தை அப்படியே மொழிபெயர்த்துக் குடு, அவ்வளவுதான். நீ வாயைத் திறந்தா முதல்ல போறது உன் பேருதான். ரகசியம்னு கையெழுத்துப் போட்டது நீதானே? அது தெரிஞ்சுதான் நான் தைரியமா இருந்தேன்.”

அக்காவைக் காப்பாற்றுகிற மாதிரிதான் அதைச் சொன்னான். அந்தக் கையை அவள் மெதுவாக எடுத்து விட்டாள். அவன் திருடியதுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. திருடும்போதே அவளுடைய நேர்மையைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறான். அவள் இன்னது செய்வாள், இன்னது செய்ய மாட்டாள், எதற்குப் பயப்படுவாள் என்று கூடப் பிறந்தவனைத் தவிர யாருக்குத் தெரியும்? நாற்பது வருடமாகக் கூடப் பிறந்தவனாக இருந்து சேர்த்து வைத்த அந்த அறிவையெல்லாம் ஒரு கால் மணி நேரத்தில் செலவழித்திருந்தான்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை மொழிபெயர்த்தாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பதினேழைப் பதினேழு என்றே போட்டாள். மூலத்தில் இருப்பது தவறு என்று தெரிந்தாலும் மொழிபெயர்க்கிறவர் திருத்தக் கூடாது. பிறகு தனியாக ஒரு தாள் எடுத்துத் தன் பெயரில் எழுதினாள். கேள்வித்தாளின் முதல் படி எந்தத் தேதியில் எழுதப்பட்டது, அன்று மதியம் யார் வந்தது, எவ்வளவு நேரம் அது கேட்பாரற்றுக் கிடந்தது, பதினேழு எப்படி வந்தது, எப்போது திருத்தப்பட்டது. கணவரிடம் காட்டினாள். அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. இரண்டு தடவை படித்துவிட்டு, கடைசியில் கேட்டார், இதைக் கொடுத்தால் உன் தம்பி உன்னோடு பேச மாட்டானே என்று. அவள் சொன்னாள், கொடுக்காவிட்டால் நான் அவனோடு பேச மாட்டேன்.

மறுநாள் காலை முகப்பில் முதலாளியம்மா, டிசைனர், தம்பி, அவள் என நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். மேசை ஒன்றிலிருந்து மட்டும் நாற்காலிகளை இறக்கியிருந்தார்கள். டிசைனர் மொழிபெயர்த்த கடிதத்தைப் படித்துவிட்டு முதல் வேலையாக அவளைத்தான் பார்த்தார். மூலத்தில் சரியாகத்தான் இருந்தது, தமிழில் ஏதோ விடுபட்டிருக்க வேண்டும் என்றார். அவள் கேள்வித்தாளையும் பதினான்காவது கேள்விக்கு அவர் எழுதிய பதிலையும் எடுத்து அவர் முன் வைத்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலாளியம்மாவும் பார்த்தார். அவர் முகத்தில் முதல் தடவையாகக் கோபம் வந்தது. அது டிசைனர் மேல். தம்பி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். ஓட்டை அவர்களுடையது என்று எழுத்திலேயே ஆகிவிட்டதே.

அப்போது அவள் இரண்டாவது தாளைக் கொடுத்தாள். கூடவே, சிவப்பு மை அடித்த முதல் படியையும்.

முதலாளியம்மா தமிழ்த் தாளை வாசித்தார். மெதுவாக வாசிக்கிறவர். வாசித்து முடித்ததும் ஒப்பந்தத்தைப் புரட்டி இரண்டு புள்ளி ஆறு என்ற பத்தியை எடுத்து, விரல் வைத்து, அந்த மூன்று வாக்கியங்களையும் வாய்விட்டுப் படித்தார். கண்டும் கேட்காமல் விட்டால் அந்த வேலையின் விலையும் நாளும் அவருடைய தொகைக்குள் அடங்கியதாகவே கொள்ளப்படும். உள்ளே சிமெண்ட் கலக்கிற சத்தம் நின்றிருந்தது, ஆட்களும் கேட்டிருப்பார்கள்.

“விலை கொடுக்கறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

தம்பி அவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். “அதான் அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்களே” என்றான். அக்கா என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேலை சம்பந்தமானது. ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று டிசைனர் சொன்னார். அடுப்படி மொத்தமும் பிரித்துக் கிடக்கிறது, இனி வேறொருவரைத் தேடி அவர் வந்து அளவெடுத்து எப்போது ஆரம்பிப்பது என்று முதலாளியம்மா மறுத்துவிட்டார். டக்டை ஒப்பந்தக்காரரே கூடுதல் தொகை இல்லாமல் போட வேண்டும், நாற்பத்தைந்து நாள் நாற்பத்தைந்து நாள்தான், அபராதம் போட்டது போட்டபடி இருக்கும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். டிசைனரின் கடைசித் தவணையை நிறுத்தி வைத்தார். தம்பி கையெழுத்துப் போட்டான். அன்றைக்கே ஆட்களைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினான். ஒன்று சொல்ல வேண்டும், வேலையில் அவன் ஏமாற்றவில்லை. மழைத் தண்ணீர் இறங்காத மாதிரி மேல்மூடி போட்டு, துடைக்க வசதியாக இரண்டு இடத்தில் கதவு வைத்து, நாற்பத்தெட்டாம் நாள் இரண்டு சான்றிதழோடும் சாவியைக் கொடுத்தான். மூன்று நாள் அபராதம் கழிந்தது. தொழிற்சாலைச் சாப்பாடு இரண்டு நாள் பக்கத்துக் கடையிலிருந்து போயிற்று. மூன்றாம் நாளிலிருந்து இங்கிருந்து போனது.

அவளுக்குச் சேர வேண்டிய கூலியை முதலாளியம்மா முழுதாகக் கொடுத்தார். வாசல் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ நல்லவதாம்மா, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா உன் மேஜைமேல வைக்கிறது பத்திரமா இருக்கும்னு இனிமே நான் எப்படி நம்புறது?”

உண்மையைத்தான் சொன்னார். அடுத்த கிளை திறந்தபோது அந்த ஆவணம் வேறொருவரிடம் போயிற்று.

தம்பி ஐந்து மாதம் வரவில்லை. ஆறாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். அவள் கணவர்தான் போன் போட்டுப் போட்டு வரவழைத்திருந்தார். மெலிந்திருந்தான். வேலை எப்படிப் போகிறது என்று அவள் கணவர் கேட்டார், போகிறது என்றான். பழைய ஆட்களில் நான்கு பேர் இருக்கிறார்கள் என்றான். அவள் சாப்பாடு போட்டாள். அவனுக்குப் பிடித்ததையே செய்திருந்தாள். குழம்பு ஊற்றும்போது இன்னும் கொஞ்சம் என்று அவன் சொல்ல மாட்டான், கையை மட்டும் தட்டிலிருந்து எடுக்காமல் வைத்திருப்பான், அவளாக ஊற்ற வேண்டும். ஊற்றினாள். இருவரும் பேச ஆரம்பித்திருந்தார்கள், வெயிலைப் பற்றி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி.

கை கழுவ அவன் எழுந்து அவள் மேஜையைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அவள் யோசிக்கவே இல்லை. சாப்பாட்டுக் கரண்டியோடு இரண்டே எட்டில் போய், மேஜைமேல் விரிந்து கிடந்த தாள்களைக் கவிழ்த்து வைத்தாள்.

கவிழ்த்த பிறகுதான் அது என்ன தாள் என்று அவளுக்கே நினைவு வந்தது. ஏதோ ஒரு கம்பெனித் துணி துவைக்கும் இயந்திரத்தின் செய்முறைக் குறிப்பு. ஊருக்கே அச்சடித்துக் கொடுக்கப்போவது.

தம்பி நின்றுவிட்டான். இன்னும் கழுவாத எச்சில் கையை உடம்புக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“நான் பாக்கலக்கா” என்றான்.

“தெரியும்” என்றாள் அவள்.

அவன் போய்க் கை கழுவினான். குழாய் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அவள் தாள்களின்மேல் உள்ளங்கையை வைத்தபடியே நின்றாள். திருப்பிப் போட்டுவிடலாம், துணி துவைக்கிற இயந்திரம்தானே என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, மேஜைக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி, வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டும் வரைக்கும் அந்தக் கை எழும்பவில்லை.